கவர் லெட்டருக்கு மார்க் போட மூன்று வழிகள்: எது எப்போது உதவும்?

பி.காம். இரண்டாம் ஆண்டு, வணிகத் தகவல்தொடர்பு பேப்பர். வகுப்பில் 58 பேர். இன்டர்னலில் 10 மார்க்குக்கு ஒரு கவர் லெட்டர் எழுதித் தர வேண்டும். எதைப் பார்த்து மார்க் போடுவது என்பதற்குத் துறையில் தந்த குறிப்பில் மூன்றே சொற்கள்: இலக்கு, சான்று, தொனி. கடிதம் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டதா, சொல்லும் திறமைக்கு ஆதாரம் இருக்கிறதா, பேசும் விதம் பொருத்தமா என்பதுதான் அதன் அர்த்தம்.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு விரிவுரையாளர்கள் ஸ்டாஃப் ரூமில் என்னிடம் கேட்டார்கள்: "மூணுக்கும் தனித்தனியா மார்க் போடணுமா மேடம், இல்ல படிச்சுட்டு மொத்தமா ஒண்ணு போட்டாப் போதுமா?" மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது என்றேன். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். ஒரே கடிதத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரே மார்க் போடுவார்களா? "எனக்கு ஏன் 5?" என்று மாணவர் வந்து நின்றால் பதில் சொல்ல முடியுமா? அந்த மார்க்கைப் பார்த்து அவரால் அடுத்த கடிதத்தை மாற்றி எழுத முடியுமா? 58 கடிதங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?

முதல் கேள்வியைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 1961-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களில் பிரிக்கச் சொன்னார்கள். வாசித்தவர்கள் ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், வணிகத் துறையினர் எனப் பலதரப்பட்டவர்கள். எந்தத் தரத்துக்கு என்ன அளவுகோல் என்று சொல்லவில்லை. ஒரு கட்டுரைகூட ஐந்துக்கும் குறைவான வெவ்வேறு தரங்களோடு திரும்பி வரவில்லை. படிப்பவர் மாறினால் மதிப்பும் மாறும் என்பதை அங்கேயே பார்த்துவிட்டார்கள்.

## முதலில் விளம்பரம்

எந்த வழியில் மார்க் போட்டாலும் முதலில் ஒரு வேலை விளம்பரம் இருந்தாக வேண்டும். விளம்பரம் கையில் இல்லாமல் 'இலக்கு' என்பதற்கு மார்க் போட முடியாது. "ஏதேனும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கவும்" என்று கேள்வி கொடுத்தால், கடிதம் எதைக் குறிவைத்தது என்பது நமக்குத் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது.

ஆளுக்கொரு விளம்பரத்தைத் தேடிக்கொண்டு வரச் சொல்லலாம். நிஜ உலகுக்கு அது நெருக்கம். ஆனால் கடிதத்தோடு 58 விளம்பரங்களையும் நாம் படித்தாக வேண்டும். எல்லாருக்கும் ஒரே விளம்பரம் என்றால் ஒப்பிடுவது எளிது, விடுதி அறையில் காப்பி அடிப்பதும் எளிது. நான் இரண்டு விளம்பரங்கள் கொடுக்கிறேன். கீழே வரும் கடிதங்கள் அவற்றில் ஒன்றுக்கு வந்தவை: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். டாலி தெரிய வேண்டும், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் உதவ வேண்டும், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டும்.

## இரண்டு கடிதங்கள்

இரண்டுமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. சாரத்தை மட்டும் தமிழில் தருகிறேன்.

முதல் கடிதத்தில் ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு பிழை கிடையாது. "உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் பணிக்கு விண்ணப்பிப்பதில் மகிழ்ச்சி. நான் கடின உழைப்பாளி, விரைவாகக் கற்றுக்கொள்பவன், குழுவாகச் செயல்படுபவன். என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்." மூன்று பத்தியும் இப்படித்தான்.

இரண்டாவது கடிதத்தில் கால விகுதிகள் தடுமாறுகின்றன, வாக்கியங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆனால் இரண்டாம் பத்தியில் இது இருக்கிறது: "மே, ஜூன் மாதங்களில் ஆறு வாரம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தேன். மூன்று கடைகளின் கொள்முதல் பில்களை, மாதம் சுமார் 140, டாலியில் ஏற்றினேன். அவற்றை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒத்துப் பார்த்தபோது 11 பில்கள் அதில் இல்லை. சப்ளையர்களுக்குப் போன் செய்து சொன்னேன். அடுத்த மாதம் 9 வந்துவிட்டன." கடிதம் முடிவது இப்படி: "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. குடும்பத்தை நான்தான் பார்க்க வேண்டும். தயவுசெய்து ஒரு வாய்ப்புக் கொடுத்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கணக்கு தெரியாத வாசகர்களுக்கு ஒரு வரி. சப்ளையர் ஜிஎஸ்டி தளத்தில் தன் கணக்கில் பதிவேற்றிய பில்தான் வாங்குபவரின் 2பி அறிக்கையில் வரும். வராத பில்லுக்கு, வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது. ஆகவே அந்த 11 பில்களைக் கண்டுபிடித்ததில் கடைக்காரருக்குப் பணம் இருக்கிறது.

## வழி ஒன்று: மொத்தமாக ஒரு மார்க்

கடிதத்தைப் படிக்கிறோம், மனதில் ஒரு எண் தோன்றுகிறது, போடுகிறோம். எனக்குக் கடிதத்துக்கு மூன்று நிமிடம். 58 கடிதங்கள் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த இரண்டு கடிதங்களுக்கும் நான் இப்படிப் போட்ட மார்க் 8, 5. பக்கத்து மேசையில் இருந்த சீனியர், என் தாளைப் பார்க்காமல், 6, 7 போட்டார். பத்துக்கு இரண்டு மார்க் வித்தியாசம் சகஜம்தான். யார் முன்னால் என்பதே தலைகீழானதுதான் சிக்கல். நான் ஆங்கிலத்தில் மயங்கியிருக்கிறேன். நல்ல ஆங்கிலம் நல்ல சான்றாகவும், நல்ல தொனியாகவும், நல்ல இலக்காகவும் என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு குணத்தில் பட்ட வெளிச்சம் மற்ற குணங்களிலும் படிவதை எட்வர்ட் தார்ண்டைக் 1920-லேயே காட்டியிருக்கிறார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களைப் பல குணங்களில் தனித்தனியே மதிப்பிட்டபோது அந்த மதிப்பீடுகள் இயல்புக்கு மீறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

மறைந்திருக்கும் செலவு பின்னால்தான் வரும். "ஏன் 5?" என்று கேட்டு வருபவருக்குப் பதில் தேட, கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். அப்படி ஆறு பேர் வந்தால் மிச்சம் பிடித்த நேரத்தில் பாதி போய்விடும்.

இருந்தாலும் இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். வேலைக்கு ஆள் எடுப்பவர் கடிதத்தைப் படிப்பதும் மொத்தமாகத்தான், அதுவும் மூன்று நிமிடம்கூட ஒதுக்க மாட்டார். வகுப்பில் மார்க்கே இல்லாத ஒத்திகைக்கு, "இவரை நேர்காணலுக்குக் கூப்பிடுவீர்களா, மாட்டீர்களா?" என்று மட்டும் கேட்க இது போதும். இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துச் சராசரி எடுக்க முடிந்தால் இன்டர்னலுக்கும் பயன்படுத்தலாம். அந்த இரண்டாவது ஆள் எங்கே கிடைப்பார் என்பது வேறு கேள்வி.

## வழி இரண்டு: கூறு கூறாக மார்க்

இலக்குக்கு 4, சான்றுக்கு 4, தொனிக்கு 2 என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மார்க்குக்கு என்ன இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் ரூப்ரிக் இது.

நான் முதலில் தயாரித்த ரூப்ரிக்கில் "மிகச் சிறப்பான சான்று", "நல்ல சான்று", "ஓரளவு சான்று" என்று இருந்தது. அது பழைய மொத்த மார்க்கையே மூன்று துண்டாக வெட்டியதுதான். 'ஓரளவு' எங்கே முடிந்து 'நல்ல' எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடிதத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடியதை எழுதிய பிறகுதான் பிடி கிடைத்தது. சான்றுக்கு இப்போது வைத்திருப்பது இது:

- 0: உழைப்பாளி, நேர்மையானவர் போன்ற குணப் பெயர்கள் மட்டும்
- 1: படிப்பு அல்லது சான்றிதழின் பெயர்
- 2: செய்த வேலை ஒன்று, ஆனால் எங்கே, எவ்வளவு என்று இல்லை
- 3: விளம்பரம் கேட்ட ஒரு திறனுக்கு இடம், வேலை, அளவு மூன்றும்
- 4: அப்படி இரண்டு திறன்களுக்கு

இலக்கிலும் இதே பாணி. பதவியின் பெயர் மட்டும் இருந்தால் 1, விளம்பரம் கேட்ட ஒன்றுக்குப் பதில் இருந்தால் 2, இரண்டுக்கு இருந்தால் 3. அதோடு இந்த நிறுவனத்தின் தொழிலைத் தொடும் ஒரு வாக்கியமும் இருந்தால் 4. சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் பெயரைப் பேனாவால் அடித்து ஒரு சிமென்ட் கம்பெனியின் பெயரை மனதுக்குள் எழுதிப் பார்ப்பேன். கடிதம் அப்படியே நின்றால் 1-க்கு மேல் கிடையாது.

இதை வைத்து மறுபடி போட்டால் முதல் கடிதத்துக்கு இலக்கு 1, சான்று 0, தொனி 2, மொத்தம் 3. இரண்டாவதற்கு இலக்கு 3, சான்று 4, தொனி 1, மொத்தம் 8. சீனியருக்கு வந்தது 4, 8. கடிதத்துக்கு ஆறு நிமிடம் ஆனது. வகுப்பு முழுவதற்கும் ஆறு மணி நேரம்.

தொனியில்தான் நானும் சீனியரும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்குவதே கெஞ்சல் என்றேன் நான். அது மரியாதை என்றார் அவர். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திருப்பூரிலோ ஈரோட்டிலோ இந்தக் கடிதத்தைப் பிரிக்கப்போகும் மேலாளருக்கு அந்த விளி உறுத்தாது. உறுத்தப்போவது கடைசிப் பத்திதான். நம் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலிருந்து எழுதிப் பழகிய ஒரே கடிதம் விடுப்புக் கடிதம். "தாழ்மையுடன்", "கீழ்ப்படிதலுள்ள" எல்லாம் அங்கிருந்தே நடந்து வந்தவை. விடுப்புக் கடிதம் அனுமதி கேட்கிறது. கவர் லெட்டர் ஒரு தேவைக்குப் பதில் சொல்கிறது. ஆகவே சொற்களின் பட்டியலை விட்டுவிட்டு ஒரு கேள்விக்கு வந்தோம்: இந்த வாக்கியம் யாருடைய தேவையைப் பேசுகிறது? எழுதுபவரின் கஷ்டத்தைக் காரணம் காட்டினால் கெஞ்சல். "என்னைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார்" என்று ஆதாரமில்லாமல் சொன்னால் மிடுக்கு. ஓரிடத்தில் இருந்தால் 1, கடிதம் முழுக்க இருந்தால் 0. விளிக்கு மார்க் குறைப்பதில்லை.

இந்த வழியின் மறைமுகச் செலவுகளில் பெரியது, அட்டவணையில் இல்லாதது கண்ணுக்கே தெரியாமல் போவது. இலக்கணத்துக்கு அட்டவணையில் இடமில்லை. இரண்டாவது கடிதம் 8 வாங்கியது, ஆனால் அதே கடிதத்தை அப்படியே அனுப்பினால் ஆங்கில மின்னஞ்சல் எழுத ஆள் தேடும் நிறுவனம் தயங்கும். பல ஆசிரியர்கள் இந்தச் சங்கடத்தை யாருக்கும் தெரியாமல் தொனியில் கழித்துத் தீர்க்கிறார்கள். அது கூடாது. பிழைக்கு மார்க் வேண்டுமென்றால் துறையில் கேட்டுத் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தொனி என்ற பெயரில் இலக்கணத்தைத் தண்டித்தால், மாணவர் அடுத்த தடவை திருத்துவது தவறான இடத்தைத்தான்.

இன்னொரு செலவு அடுத்த ஆண்டு வந்தது. அட்டவணையை முன்கூட்டியே வகுப்பில் கொடுத்தேன். கடிதங்களில் திடீரென்று எண்கள் முளைத்தன. ஐந்து பேர் "செலவை 30 சதவீதம் குறைத்தேன்" என்று எழுதியிருந்தார்கள், ஐந்தும் ஒரே விடுதியிலிருந்து.

## வழி மூன்று: ஒற்றை நிலை ரூப்ரிக்

இதில் மார்க் படிகள் கிடையாது. ஒவ்வொரு கூறுக்கும் தரமான கடிதம் எப்படி இருக்கும் என்று நடுவில் ஒரே வாக்கியம். இடப்பக்கம் எட்டாததை எழுத வெற்றிடம், வலப்பக்கம் தாண்டியதை எழுத வெற்றிடம். சான்றுக்கு என் நடு வாக்கியம்: "விளம்பரம் கேட்ட இரண்டு திறன்களுக்காவது எங்கே, என்ன, எவ்வளவு என்று சொல்கிறது." தொனிக்கு: "நிறுவனத்தின் தேவைக்குப் பதில் சொல்கிறது, கெஞ்சவில்லை, பீற்றிக்கொள்ளவில்லை."

இரண்டாவது கடிதத்துக்கு வலப்பக்கம் நான் எழுதியது: "11 பில், அதில் 9 சரியானது. இதுதான் உன் கடிதம். முதல் பத்திக்குக் கொண்டுவா." இடப்பக்கம்: "கடைசிப் பத்தி உன் கஷ்டத்தைச் சொல்கிறது, அவர்களுக்கு உன்னால் ஆவதைச் சொல்லவில்லை." திருத்தி வந்த கடிதத்தில் கடைசி வரி இப்படி மாறியிருந்தது: "அடுத்த வாரம் எந்த நாளிலும் நேரில் வந்து, பில்களை ஒத்துப் பார்க்க நான் போட்ட எக்ஸெல் தாளைக் காட்டி விளக்க முடியும்." அதிலும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருந்தது: ஆடிட்டரின் வாடிக்கையாளர் கணக்கை வெளியே காட்டக்கூடாது, எண்களை அழித்த மாதிரித் தாளைத்தான் காட்டலாம்.

இதே இரண்டு குறிப்பையும் முதல் கடிதத்துக்கு எழுத முயன்றபோதுதான் இந்த வழியின் எல்லை தெரிந்தது. வலப்பக்கம் எழுத ஒன்றுமே இல்லை. இடப்பக்கம் எழுதினால் கடிதத்தையே நான்தான் எழுத வேண்டும். அந்த மாணவருக்குக் குறிப்பைவிட ஒரு கேள்வி தேவைப்பட்டது: "லீவில் என்ன செய்தாய்?" மாமாவின் ஹார்டுவேர் கடையில் பில் போட்டதாகச் சொன்னார். அது கடிதத்தில் இல்லை.

நேரம்தான் பெரிய செலவு. எனக்குக் கடிதத்துக்கு எட்டு நிமிடம், மொத்தம் ஏறக்குறைய எட்டு மணி நேரம். முப்பதாவது கடிதத்துக்குப் பிறகு வலப்பக்கம் காலியாகவே இருந்ததைப் பின்னால் எண்ணிப் பார்த்தேன். குறை கண்ணில் படுகிறது, நிறையை எழுதக் கை வரவில்லை. மேலும் 10-க்கு மார்க் வேண்டும் என்றால் இது நேரடியாகத் தராது. "எட்டியது" என்றால் எத்தனை மார்க் என்று தனியாக முடிவு செய்ய வேண்டும், அந்த முடிவில் மொத்த மார்க்கின் பழைய சிக்கல் திரும்பி வரும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | மொத்த மார்க் | கூறு கூறாக | ஒற்றை நிலை |
|---|---|---|---|
| இரு ஆசிரியர் ஒத்துப்போவது | குறைவு | எண்ணக்கூடிய வரையறை இருந்தால் அதிகம் | குறிப்பில் ஒத்துப்போகும், மார்க்கில் சந்தேகம் |
| "ஏன் 5?" | பதில் கஷ்டம் | விரல் வைத்துக் காட்டலாம் | காரணம் உண்டு, கணக்கு இல்லை |
| மறுபடி எழுத உதவுவது | இல்லை | எங்கே குறை என்று தெரியும் | எப்படி மாற்றுவது என்றும் தெரியும் |
| 58 கடிதங்களுக்கு | 3 மணி | 6 மணி | 8 மணி |
| மறைந்த செலவு | ஆங்கிலத்தில் மயங்குதல், பின்னால் வரும் புகார் | அட்டவணையில் இல்லாதது மறையும், எண்கள் இட்டுக்கட்டப்படும் | ஆசிரியரின் சோர்வு |

நான்காவதாக ஒன்றைச் சிலர் கேட்பார்கள்: இரண்டிரண்டு கடிதங்களாகப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று மட்டும் சொல்லி, வரிசையைக் கணக்கிட்டு எடுப்பது. லூயிஸ் தர்ஸ்டன் 1927-இல் போட்ட அடித்தளம் அது. ஒவ்வொரு கடிதமும் பத்து முறை ஒப்பிடப்பட வேண்டும் என்றால் 58-க்கு 290 ஒப்பீடுகள். நான்கு ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியலாம். வரிசை நம்பகமாக வரும், ஆனால் மாணவருக்குச் சொல்ல ஒரு வார்த்தைகூட வராது. நான்கு செக்ஷனுக்கும் சேர்த்துப் பரிசு கொடுக்கும் போட்டி என்றால் செய்யுங்கள், இன்டர்னலுக்கு வேண்டாம்.

## யாருக்கு எது

மார்க் போட்டதோடு கடிதம் முடிந்துவிடுகிறது, அது இன்டர்னலில் ஏறுகிறது, பக்கத்து செக்ஷனில் வேறொருவர் திருத்துகிறார் என்றால் கூறு கூறாகத்தான். தொடங்கும் முன் மூன்று கடிதங்களை இருவரும் தனித்தனியே திருத்தி, மார்க் பிரியும் இடத்தில் அட்டவணையின் சொல்லை மாற்றுங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும். மாணவர் மறுபடி எழுதித் தரப்போகிறார், வகுப்பும் முப்பதுக்குள் இருக்கிறது என்றால் ஒற்றை நிலை. மறுபடி எழுதும் வாய்ப்பே இல்லையென்றால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதும் குறிப்பை யாரும் படிக்க மாட்டார்கள், மார்க்கைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைப்பார்கள்.

நான் இப்போது செய்வது இரண்டும் கலந்தது. முதல் வரைவுக்கு மார்க் கிடையாது, ஒற்றை நிலைத் தாளில் இடம் ஒன்று வலம் ஒன்று என இரண்டே குறிப்பு. இரண்டாவது வரைவுக்குக் கூறு கூறாக மார்க். முதல் சுற்றைக் கடிதத்துக்கு நான்கு நிமிடத்தில் அடக்கிக்கொள்கிறேன், ஆகவே இரண்டு சுற்றும் சேர்த்துப் பத்து மணி நேரத்துக்குள் முடிகிறது. அதற்கும் நேரமில்லாதவர்கள் முதல் சுற்றை வகுப்பிலேயே ஒருவர் கடிதத்தை மற்றவர் பார்ப்பதாக வைத்துக்கொள்ளலாம். நடு வாக்கியம் ஒன்றே ஒன்று என்பதால் மாணவர்களுக்கும் அது பிடிபடுகிறது.

இட்டுக்கட்டிய எண்களுக்கு அட்டவணையில் மருந்து இல்லை. சான்றில் 3-க்கு மேல் போடும் முன், மாணவரை மேசைக்குக் கூப்பிட்டு அந்த எண்ணைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். "30 சதவீதம் என்றாயே, எதிலிருந்து எதற்கு?" என்றதும் ஐந்து பேரில் நான்கு பேர் சிரித்துவிட்டார்கள். ஆடிட்டர் ஆபீசில் இருந்த பெண்ணிடம், வராமலே போன அந்த இரண்டு பில் என்ன ஆயின என்று கேட்டேன். ஒரு சப்ளையர் ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தாராம். இன்னொருவர் கடையையே மூடிவிட்டாராம், அவரைத் தேடி அவள் இரண்டு முறை பல்லடம் போய்வந்திருக்கிறாள். பெல் அடித்தும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.